காரணம் எழுதும் கட்டம்

2018 மே மாதம் முதல் வாரம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்தார். "ஊரு கூடிருச்சு தம்பி. வைகாசி நாலு, வெள்ளிக்கிழமை பிடிமண்ணு. இந்தத் தடவை நம்ம முறை" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். போனை வைக்கிறாரோ என்று நினைத்தபோது, "கண்ணு நீதான் தொறக்கணும். என் கையி நிக்கல" என்றார்.

நான் அப்போது ஓசூரில், பல்சக்கரங்களைச் சூடேற்றிக் கடினமாக்கும் பிரிவில் ஃபர்னஸ் ஆபரேட்டர். எங்கள் ஊர் சிங்கம்புணரிப் பக்கம். அங்கே வேளார் வீடுகளுக்கு மண்பாண்டம் செய்வதோடு இன்னொரு வேலையும் உண்டு. அய்யனாருக்குப் புரவி செய்வது. ஊர் நினைத்தபோது கடையில் போய் வாங்கிக்கொள்ளும் பொருளல்ல புரவி. முதலில் ஊர் கூடி இந்த ஆண்டு எடுப்பு உண்டா என்று முடிவு செய்ய வேண்டும். மழை இல்லாத ஆண்டில் செய்ய மாட்டார்கள். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துக் கண்மாய் காய்ந்து கிடந்ததால் 2017இல் எடுப்பு வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். முடிவானதும் ஊர் அம்பலம் ஒரு பிடி மண்ணை எடுத்து, வெற்றிலை பாக்கு தேங்காயோடு வேளார் கையில் கொடுப்பார். அதுதான் பிடிமண். அந்த ஒரு பிடியைக் கண்மாய்க் களிமண்ணோடு சேர்த்துப் பிசைந்துதான் புரவிகள் எழும். அதை வாங்கிவிட்டால் வேலையை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அதற்குப் பிறகு வேளார் பின்வாங்க முடியாது.

தாத்தாவுக்கு மூன்று பிள்ளைகள். எங்கள் ஊர்க் கோயில் வேலையை மூன்று வீடும் முறை வைத்துச் செய்கிறது. ஒரு எடுப்பு அப்பாவுக்கு, அடுத்தது பெரிய சித்தப்பாவுக்கு, அதற்கடுத்தது சின்னச் சித்தப்பாவுக்கு. பிடிமண் வாங்கின வீட்டுக் கைதான் புரவிக்குக் கண் திறக்க வேண்டும். சித்தப்பா இருவரும் மண் மிதிப்பார்கள், கால் உருட்டுவார்கள், சூளை அடுக்குவார்கள். கண்ணை மட்டும் தொடமாட்டார்கள். அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வீட்டில் மூத்தவன் நான். தம்பி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான்.

போன் வந்த மறுநாளே விடுப்புக் கேட்டு எழுதினேன். படிவத்தில் காரணம் எழுதும் கட்டம் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். எல்லோரும் அதில் 'பர்சனல் ஒர்க்' என்றோ 'ஃபேமிலி ஃபங்ஷன்' என்றோ எழுதுவார்கள். எனக்கு அது போதாது என்று தோன்றியதால் தனியாக ஒரு தாளில் தமிழில் எழுதிப் பின்னால் இணைத்தேன். மேனேஜர் சென்னைக்காரர், தமிழ் படிப்பார். அந்தத் தாளில் என்ன எழுதினேன் என்பது இன்றைக்கும் வரி வரியாக நினைவிருக்கிறது. எங்கள் குலதெய்வம் மிகவும் சக்தி வாய்ந்தது, தலைமுறை தலைமுறையாக எங்கள் குடும்பத்துக்கு இந்தக் கோயிலில் பாரம்பரிய உரிமை உண்டு, முதல் மரியாதை எங்களுக்குத்தான், நான் போகாவிட்டால் சாமி குற்றம் ஆகிவிடும், ஆகவே திருவிழாவுக்குப் பத்து நாள் விடுப்புத் தந்து உதவ வேண்டும். தேதி எதுவும் போடவில்லை. 'வைகாசி, ஆனி மாதங்களில்' என்று எழுதியிருந்தேன்.

மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். கோபப்படவில்லை. "மரியாதை வாங்கறதுக்குப் பத்து நாள் எதுக்குப்பா? ஒரு நாள் போய்ட்டு வந்துடேன்" என்றார்.

"இல்ல சார், எங்களுக்கு உரிமை சார் அது."

"உரிமைன்னா? ஊர்ல ஏதாவது தகராறா? போலீஸ், கேஸுன்னு ஏதாவது..."

தலையாட்டி இல்லை என்றேன். மேற்கொண்டு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. ஆர்டர் நிறைய இருக்கிற நேரம், இப்போது பத்து நாள் முடியாது என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தாளில் இருந்த சொற்களுக்கு அவர் கொண்ட பொருள் நியாயமானதுதான். முதல் மரியாதை என்றால் வெளியூர்க்காரர் காதில் மாலை, பரிவட்டம் என்று விழும். கோயில் உரிமை என்றால் செய்தித்தாளில் வரும் வழக்கு நினைவுக்கு வரும். எங்கள் வீட்டில் முறை என்று சொல்லும்போது கண்ணில் தெரிவது மிதிக்க வேண்டிய மண். அந்த மண்ணைப் பற்றி என் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை.

பிடிமண்ணுக்கு நான் போகவில்லை. அப்பாவே போய் வாங்கிக்கொண்டார். வாங்க நடுங்கும் கை போதும். அம்பலம் அவர் கையைத் தன் கையால் தாங்கிக்கொண்டு, "வேளாரே, கெட்டியா வாங்கிக்கங்க" என்று மண்ணை வைத்ததாக அம்மா சொன்னாள்.

பொய் சொல்லலாம் என்று ஒரு யோசனை வராமல் இல்லை. முன்பு வேறொரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தபோது அதைத்தான் செய்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்ச் சூளைக்கு விறகு தூக்கிக்கொண்டிருந்தேன். அந்த ஷிப்ட் இன்சார்ஜ் நல்ல மனிதர். அக்கறையோடு வீட்டு எண்ணுக்கு போன் செய்து, அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். போனை எடுத்ததே அம்மாதான். "எனக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லியிருக்கிறாள். அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் சொன்ன எதையும் அவர் உடனே நம்பியதில்லை. தெய்வத்துக்குச் செய்யும் வேலைக்காக உயிரோடிருக்கும் அம்மாவை நோயாளியாக்கினேன் என்பது பல நாள் மனத்தில் கிடந்து அரித்தது.

அந்த வாரம் இரவு ஷிப்டில் எங்கள் பிரிவின் மூத்த ஆபரேட்டர் என்னிடம் நான் எழுதிய தாளை வாங்கிப் படித்தார். தர்மபுரிக்காரர், படிப்பு எட்டாவதுதான். எல்லோரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். படித்துவிட்டு, "ஏம்ப்பா, நீ ஊருக்குப் போயி என்ன பண்ணுவே? அத எழுதலியே" என்றார்.

சொன்னேன். குதிரைக் கால்கள் உருளை உருளையாகத் தனியாக எழும்பும், அவற்றின் மேல் உடம்பு, பிறகு கழுத்து, தலை, உமி கலந்த மண், காயவிடுவது, சூளை, சுண்ணாம்பு பூசி வண்ணம், கடைசியில் கண். கேட்டுக்கொண்டே இருந்தவர், "ஃபர்னஸ்ல லோடு ஏத்திட்டு பாதியில நீ வீட்டுக்குப் போவியா?" என்றார்.

"போக முடியாதே அண்ணே."

"அத எழுது. சாமியப் பத்தி அவருக்குச் சொல்ல வேணாம், அவருக்கும் சாமி இருக்கும். வேலையப் பத்திச் சொல்லு. எந்தத் தேதி, எத்தினி நாளு, உன் வேலய இங்க யாரு பாக்கறது. நீ இல்லன்னா அங்க என்ன நிக்கும். அவ்ளோதான் அவருக்கு வேணும்."

அவரே இன்னொன்றையும் நினைவுபடுத்தினார். அப்போது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டப்படி, ஒரு ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அடுத்த ஆண்டில் ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதை எழுத்தில், 15 நாளுக்கு முன்பே கேட்க வேண்டும். ஆண்டுக்கு மூன்று தடவைக்கு மேல் பிரித்து எடுக்க முடியாது. நான் முந்தைய ஆண்டு 268 நாள் வேலை செய்திருந்தேன். இருபதால் வகுத்தால் 13 நாள் வருகிறது. ஆக என்னிடம் நாள் இருந்தது. கேட்ட விதம்தான் தவறு. போன் வந்த மறுநாளே எழுதினேன் என்றாலும் பிடிமண்ணுக்கு அப்போது 11 நாள்தான் பாக்கி. மற்ற வேலைகளுக்கு இன்னும் நேரம் இருந்தது.

பெரிய கோயில் தேர் என்றால் கலெக்டர் உள்ளூர் விடுமுறை விடுவார், அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். அது அந்த மாவட்டத்து அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும்தான். ஓசூர் ஃபர்னஸுக்கும் எங்கள் ஊர் அய்யனாருக்கும் நடுவில் அப்படி எந்த ஆணையும் கிடையாது. இருந்ததெல்லாம் என் கடிதம் ஒன்றுதான்.

அப்பாவிடம் பேசி ஒவ்வொரு நாளையும் கேட்டு எழுதினேன். உண்மையில் நான் எந்த நாளில் அங்கே இருந்தே ஆக வேண்டும்? மண் மிதிப்பதும் கால் எழுப்புவதும் உடம்பு கட்டுவதும் நாலு வாரம் நடக்கும். அதை அப்பாவும் அம்மாவும் சித்தப்பாக்களும் பார்த்துக்கொள்வார்கள். ஐந்தடிப் புரவியைக் காய்ந்த நிலையில், சுடாமல், நகர்த்தும்போது ஆள் வேண்டும், பழகின ஆளாக வேண்டும். ஒரு காலில் கொஞ்சம் பாரம் கூடினால் அடிவயிற்றில் விரிசல் விழும். அதனால் சூளை நாட்களுக்கு நான் வேண்டும். பிறகு கண் திறக்கிற நாளுக்கு. இவ்வளவுதான். பத்து நாள் என்று நான் முதலில் எழுதியது, ஊருக்குப் போகிற ஆசையையும் சேர்த்து எழுதியது. கணக்குப் போட்டால் ஏழு நாள்தான் வந்தது.

தாளில் ஒவ்வொரு சொல்லாக அடித்தேன். பாரம்பரியம் போயிற்று, அந்த இடத்தில் 'எங்கள் குடும்பத்தின் வேலை' என்று வந்தது. முதல் மரியாதை போயிற்று. சாமி குற்றம் போயிற்று. இதை அடிக்கும்போது மட்டும் கை தயங்கியது, ஏனென்றால் எனக்கு அந்தப் பயம் உண்மையாகவே உண்டு. ஆனால் அவரால் அதை எடைபோட முடியாது. நான் வராவிட்டால் அன்று ராத்திரி ஊர்வலம் கிளம்பாது என்பதை எவராலும் எடைபோட முடியும். 'கண் திறப்பு' என்ற சொல்லையும் மாற்றினேன். அவருக்கு அது கண் ஆஸ்பத்திரியாகத் தோன்றக்கூடும். 'கண் வரைவது' என்று எழுதினேன். ஊரில் அப்படிச் சொன்னால் அப்பா ஏற்கமாட்டார். ஓசூரில் அது போதும்.

மே 28ஆம் தேதி கொடுத்த கடிதம் இது:

"சார், வணக்கம். எங்கள் ஊர் அய்யனார் கோயில் திருவிழாவுக்கு மண் குதிரைகள் செய்து கொடுப்பது எங்கள் குடும்பத்தின் வேலை. மூன்று வீடுகள் முறை வைத்துச் செய்கிறோம். இந்தத் திருவிழா எங்கள் வீட்டு முறை. அடுத்த இரண்டு திருவிழாக்களை மற்ற வீடுகள் பார்க்கும்.

குதிரைகளுக்குக் கண் வரைவது முறைக்காரர் வீட்டு ஆள்தான் செய்ய வேண்டும். என் அப்பாவுக்குக் கை நடுங்குவதால் இந்தத் தடவை நான் வரைய வேண்டும். கண் வரைந்த பிறகுதான் ஊர் மக்கள் குதிரைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். நான் இல்லாவிட்டால் அது நிற்கும்.

இதற்காக இரண்டு தடவையாக ஏழு நாள் விடுப்பு வேண்டும். ஜூன் 21 வியாழன் முதல் 25 திங்கள் வரை, ஞாயிறு போக நாலு நாள். இது குதிரைகளைச் சூளையில் வைத்துச் சுடும் வேலை. தொடங்கினால் நடுவில் விட முடியாது. ஜூலை 9 திங்கள் முதல் 11 புதன் வரை மூன்று நாள். இது கண் வரைவதும் திருவிழாவும். 12ஆம் தேதி காலை முதல் ஷிப்டுக்கு வந்துவிடுவேன்.

ஜூலைத் தேதி மாறாது. ஜூன் தேதி மட்டும் மழை பெய்தால் ஒரு வாரம் தள்ளிப்போகும். தள்ளினால் 18ஆம் தேதி காலையிலேயே உங்களிடம் சொல்லிவிடுவேன்.

இந்த ஏழு நாளும் என் ஃபர்னஸைப் பார்க்க மூத்த ஆபரேட்டர் சம்மதித்திருக்கிறார். அவருக்கு நான் ஆகஸ்டில் ஈடு செய்வேன். என் கணக்கில் 13 நாள் விடுப்பு இருக்கிறது. திருவிழா நோட்டீஸ் ஜூன் கடைசியில் அச்சாகும். கிடைத்ததும் கொண்டுவந்து தருகிறேன்."

மேனேஜர் ஒரு முறைதான் படித்தார். படித்துவிட்டு அவர் கேட்டது விடுப்பைப் பற்றியதல்ல. "சூளைல டெம்பரேச்சர் எப்படிப் பாப்பீங்க?"

"அப்பா புகையப் பாத்துச் சொல்லுவாங்க சார். முதல்ல வெள்ளையா வரும், அது மண்ணுல இருக்கற ஈரம். அது நிக்கற வரைக்கும் தீய ஏத்தக்கூடாது. ஏத்தினா உள்ள இருக்கற தண்ணி ஆவியாகி வெளிய வர வழியில்லாம வெடிச்சிரும். அதுக்குத்தான் மண்ணுல உமி போடறது. உமி எரிஞ்சு சின்னச் சின்ன ஓட்டையாயிரும், ஆவி அது வழியா வந்துரும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே படிவத்தை இழுத்து, நான் காலியாக விட்டிருந்த காரணக் கட்டத்தில் தானே எழுதினார். 'கோயில் வேலை, மாற்று ஆள் இல்லை' என்று ஆங்கிலத்தில் நாலே சொல். கையெழுத்துப் போட்டார். "பதினெட்டு காலைல மறக்காம சொல்லு" என்றார்.

மழை வந்தது. ஜூன் 16, 17 இரண்டு நாள் சாயங்காலமும் ஊரில் இடியோடு பெய்தது. கொட்டகைக்குள் இருந்ததால் புரவிகள் நனையவில்லை. ஆனால் காற்றில் ஈரம் ஏறினால் மண் காயாது. 17ஆம் தேதி இரவு அப்பா ஒவ்வொரு புரவியின் அடிவயிற்றிலும் கன்னத்தை வைத்துப் பார்த்திருக்கிறார். எங்கள் வீட்டில் ஈரம் பார்ப்பது அப்படித்தான். விரலுக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குச் சில்லென்று தெரியும். வெளியே கால் முழுக்க வெளுத்திருந்தும் வயிறு இன்னும் சில்லிட்டுத்தான் இருந்தது. "ஒரு வாரம் போகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

18ஆம் தேதி காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி வாசலில் நின்றேன். மேனேஜர் வந்ததும் சொன்னேன். வருத்தமோ எரிச்சலோ காட்டவில்லை. பையிலிருந்து டைரியை எடுத்து 21ஐ அடித்து 28 என்று எழுதிக்கொண்டார். முன்கூட்டியே கடிதத்தில் அந்த வாசகம் இல்லாமல் போயிருந்தால் அன்றைக்கு நான் மறுபடியும் பொய்க்காரனாகத் தெரிந்திருப்பேன். தேதி மாறும் வாய்ப்பை மறைத்து விடுப்பு வாங்கிவிடுவதுதான் சுலபம் என்று முதலில் நினைத்திருந்தேன். அண்ணன்தான் அதையும் எழுதச் சொன்னவர்.

ஓசூரில் ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது மதுரை. அங்கிருந்து மேலூர், கொட்டாம்பட்டி வழியாகச் சிங்கம்புணரி. வியாழக்கிழமை காலை நான் போய் இறங்கியபோது சித்தப்பாக்கள் தரையைச் சமன் செய்து வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு அரண்மனைப் புரவி இரண்டு, மற்றவை ஊரார் நேர்ந்துகொண்டவை. பகல் முழுவதும் தூக்கி வைப்பதிலேயே போயிற்று. நாலு பேர் மூச்சை ஒன்றாகப் பிடித்துத் தூக்க வேண்டும், ஒன்றாக இறக்க வேண்டும். அப்பா நடுவில் நின்று, "மெல்ல, மெல்ல, காலப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கை எதையும் தொடவில்லை. பின்னால் கட்டிக்கொண்டிருந்தார், நடுக்கம் எங்களுக்குத் தெரியக்கூடாது என்று.

வெள்ளிக்கிழமை புரவிகளின் இடைவெளியில் விறகும் வரட்டியும் அடுக்கி, மேலே வைக்கோல் போர்த்தி, அதன் மேல் சேறு பூசினோம். அங்கங்கே கைநுழையும் அளவுக்குப் புகைவழி. சாயங்காலம் சூடம் காட்டித் தீ வைத்தோம். அந்த இரவு முழுவதும் சின்னத் தீதான். கம்பெனியில் எனக்கு ஒரு திரையில் டிகிரி தெரியும். கூடினால் மணி அடிக்கும். இங்கே அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து புகைவழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அருகில். விடியும்வரை வெள்ளைப் புகை நிற்கவில்லை. ஒரு வாரம் தள்ளியும் அவ்வளவு ஈரம் மண்ணுக்குள் இருந்தது. நான் பொறுமையிழந்து, "போடலாமாப்பா?" என்று கேட்டேன். "இன்னும் அழுவுது பாரு" என்றார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல்தான் புகை மெலிந்தது. அதன் பிறகு விறகைத் தள்ளினோம். இருட்டும் நேரத்தில் புகைவழிகளுக்குள் எட்டிப் பார்த்தால் குதிரைக் கழுத்து தணலின் நிறத்தில் நின்றது.

ஞாயிறும் திங்கள் பகலும் ஆறவிட்டோம். திங்கட்கிழமை சாயங்காலம் சேற்றை உடைத்துப் பார்த்தபோது ஒரு புரவிக்கு முன்காலிலிருந்து மார்பு வரை கோடு விட்டிருந்தது. சித்தப்பா விரல் முட்டியால் தட்டினார். மற்றவை கணீரென்றன. அது மட்டும் பொத்தென்றது. நேர்ந்துகொண்ட குடும்பத்துக்கு அப்பா அன்றைக்கே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். அவர்கள் சம்மதித்து, அதற்கென்று சின்னப் புரவி ஒன்றை அம்மா செய்து தனியாகச் சுட்டாள். அன்று இரவே நான் பஸ் ஏறினேன். பையில் மஞ்சள் நோட்டீஸ் இரண்டு. 'வேளார் வகையறா' என்று அச்சடித்த வரியின் கீழ் அப்பா பென்சிலால் கோடு போட்டிருந்தார். மேனேஜருக்குத் தெரியட்டும் என்று.

ஜூலை 10, செவ்வாய்க்கிழமை. வெள்ளை அடித்து, சேணமும் மணியும் வண்ணத்தில் எழுதி, மாலை போட்டு, கழுத்தில் துண்டு கட்டி எல்லாப் புரவிகளும் பொட்டலில் வரிசையாக நின்றன. கண் மட்டும் வெறும் வெள்ளை. இரவு ஊரார் மேளத்தோடு வந்தார்கள். குதிரைக்கு நேர் எதிரே யாரும் நிற்கக்கூடாது என்று இருபுறமும் ஒதுங்கச் சொன்னார்கள். அப்பா கறுப்பு மையிருந்த கொட்டாங்குச்சியை என்னிடம் கொடுத்தார். அதிலும் அவர் கை ஆடி ஒரு சொட்டு என் பாதத்தில் விழுந்தது.

முதல் அரண்மனைப் புரவி. தூரிகையை எடுத்தபோது எனக்கும் கை ஆடியது. அப்பா பின்னால் வந்து என் முழங்கையை மட்டும் பிடித்துக்கொண்டார். ஆச்சரியம், அவர் பிடித்ததும் இரண்டு பேர் கையும் நின்றது. முதலில் வெளிக்கோடு, பிறகு பாவை. ஒரே இழுப்பு, திரும்ப எடுத்துத் திருத்தக்கூடாது. வலது கண் முடிந்ததும் குலவை எழுந்தது. எல்லாக் கண்ணும் முடிந்தபோது மூங்கில் கட்டித் தயாராக நின்ற இளவட்டங்கள் அம்பலத்தைப் பார்த்தார்கள். அம்பலம் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். தூக்கினார்கள்.

12ஆம் தேதி காலை ஷிப்டில் என் நகக்கண்ணில் மை போகாமல் இருந்தது. மேனேஜர் பார்த்துவிட்டு, "முடிஞ்சுதா?" என்று கேட்டார். முடிந்தது சார் என்றேன். ஆகஸ்டில் அண்ணனுக்கு ஈடு செய்தேன், ஏழு இரவு ஷிப்ட்.

போன மாதம் பெரிய சித்தப்பா மகன் திருப்பூரிலிருந்து கூப்பிட்டான். பனியன் கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறான். "அண்ணே, இந்தத் தடவை எங்க முறை வரும்போல இருக்கு. அந்த லெட்டர் இருக்கா?" என்றான். வைத்திருந்தேன். அப்படியே அனுப்பாதே, உனக்கு ஷிப்மெண்ட் தேதி இருக்கும், அது எந்த வாரம் என்று முதலில் கேட்டுக்கொள், அந்த வாரத்தில் எடுப்பு விழுந்தால் அதையும் எழுதிவிடு என்றேன். அவன் சூளைக்கு வேண்டுமா கண்ணுக்கு வேண்டுமா என்பதைச் சித்தப்பாவிடம் கேட்டு நாளைக் குறைக்கச் சொன்னேன். கடிதத்தைத் திருத்தி, தேதி வருகிற இடங்களை மட்டும் காலியாக விட்டு நேற்று இரவு அனுப்பினேன். ஊர் இன்னும் கூடவில்லை.